தொங்கும் எடை

லாங் ஐலண்டில் அந்த நாட்களில் மரம்தான் சோறு போட்டது. காட்டிலிருந்து வரும் கர்ஜன் தடிகளை டெப்போவில் அடுக்கி, பிளைவுட் ஆலைக்கு உருட்டிவிடும் வேலை. 1980களின் கடைசி வருடங்கள். ஜூன் மாத மழையில் அடுக்கின் அடியிலிருந்த ஆப்பு வழுக்கி ஒரு தடி உருண்டது. சத்தம் கேட்டு ஒதுங்கினேன். இடது கால் மட்டும் ஒதுங்கவில்லை. பச்சை மரக்கிளையை முறிப்பது போன்ற சத்தம் வெளியிலிருந்து வந்ததாகத்தான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் பாதம் வேறொருவருடையது போல வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். தொடையைத் தொட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடைந்த காலின் வெளிப்பக்கம் ஒரு நீளப் பலகை வைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே மடித்த போர்வையைச் செருகி, நல்ல காலோடு சேர்த்துக் கட்டினார். கையில் சலைன் ஏறியது. "வெளியே ரத்தம் வரலையே டாக்டர்?" என்று அண்ணன் கேட்டதற்கு, "உள்ளே போயிருக்கு. தொடைக்குள்ள ஒரு லிட்டருக்கு மேலேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டு தெரியாது" என்றார். அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கவே இல்லை. பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடியைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அண்ணனின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "போட்ல போகும்போது அடிக்கடி இங்கே தொட்டுப் பாருங்க. துடிப்பு இருக்கணும், பாதம் சூடா இருக்கணும். இல்லேன்னா கட்டை உடனே தளர்த்துங்க."

மறுநாள் காலைப் போட்டில்தான் போர்ட் பிளேருக்குப் போக முடிந்தது. ஒரு பெஞ்சுப் பலகையில் என்னைப் படுக்கவைத்து நாலு பேர் ஜெட்டியில் இறக்கினார்கள். கடலில் அலை புரளும்போதெல்லாம் எலும்பின் இரண்டு முனைகளும் உள்ளே ஒன்றை ஒன்று உரசுவது எனக்குத் தெரிந்தது. அண்ணன் ஃபீனிக்ஸ் பே வரும்வரை அந்தப் பெருக்கல் குறியிலிருந்து விரலை எடுக்கவில்லை. மழையில் மை கரைந்துகொண்டே வந்தது. கரையும் இடத்தில் விரலை மேலும் அழுத்திக்கொண்டார்.

ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி செல்லுலார் ஜெயில் வளாகத்தில் இருப்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. ஏழு சிறகுகளாகக் கட்டப்பட்ட ஜெயிலில் இன்று நிற்பவை மூன்று. மற்றவை இடிக்கப்பட்ட மனையில் 1963-ல் இந்த ஆஸ்பத்திரி வந்தது. மிச்சமிருக்கும் ஜெயிலை 1979-ல் தேசிய நினைவகமாக அறிவித்தார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருவர், "நீயும் ஜெயில்லதான் இருக்கே" என்று சொல்லாமல் போகமாட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அங்கே மனிதர்களை ஒடிப்பதற்காக அடைத்தார்கள். என்னை ஒட்டவைப்பதற்காகக் கட்டிப்போட்டிருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேச மனம் வரவில்லை.

ஏன் கட்டிப்போட வேண்டும் என்பதை எலும்பு டாக்டர் விளக்கியது என் அம்மாவுக்கு. அம்மா அடுத்த போட்டில் வந்து சேர்ந்தவள், வந்த வேகத்தில் புத்தூருக்குப் போகலாம் என்றாள். ஊரில் கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் புத்தூர்க் கட்டுத்தானே. மூன்று நாள் கப்பலில் மெட்ராஸ், அங்கிருந்து பஸ். மாவுக்கட்டு கூடப் போடாமல் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமை. டாக்டர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்து முனையோடு முனை சேர்த்துப் பிடித்தார். இரண்டின் வெளி நுனிகளிலும் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிவிட்டு விரலைத் தளர்த்தினார். பேனாக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "அம்மா, இந்த ரப்பர்தான் தொடைச் சதை. உடம்பிலேயே பலமான சதைகள்ல ஒண்ணு அது. எலும்பு முறிஞ்சதும் ரெண்டு முனையையும் ஏத்தி இழுத்துடும், கால் குட்டையாயிடும். முன்கையில் கட்டு நிக்கும். இங்கே வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே சதை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அது இழுக்கிற அளவுக்கு நாமும் எதிர்ப்பக்கம் இழுக்கணும். ராத்திரி பகல் விடாம, எலும்பு கூடுற வரைக்கும்." அம்மா அந்தப் பேனாக்களை வாங்கித் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். அதற்குப் பிறகு புத்தூர் பேச்சு எழவில்லை.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், ஊசிபோட்டு மரக்கவைத்தார்கள். ஒரு இரும்புக் கம்பியைக் கைத்துரப்பணத்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகச் செலுத்தினார்கள். திசை முக்கியமாம், பாதத்தைத் தூக்கும் நரம்பு வெளிப்பக்கம்தான் ஓடுகிறது, அதனால் கம்பி நுழையும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிற பக்கமும் அதுவாக இருக்க வேண்டும். தோல் மரத்திருந்தது. எலும்புக்குள் கம்பி திரும்பும்போது வலியில்லை. ஒரு பெரிய அழுத்தம், பல் வரைக்கும் தெரிந்த அதிர்வு, அவ்வளவுதான். கம்பியின் இரு முனைகளிலும் லாடம் போன்ற வளையத்தை மாட்டி, அதிலிருந்து கயிறு, கயிறு கட்டிலின் கால்மாட்டில் உள்ள கப்பியைத் தாண்டி, நுனியில் இரும்பு வட்டுகள். கம்பியின் கூர் முனை யாரையும் குத்தாமலிருக்க, காலி ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை அதில் குத்தி வைத்தார்கள். மருந்து தீர்ந்த மூடிகளுக்கு இப்படியும் ஒரு வேலை.

என் எடை அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தொங்கவிட்டது ஏழு கிலோ. அந்த எடை காலை மட்டும் இழுக்காமல் ஆளையே கட்டிலின் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்துத் தூக்கியிருந்தார்கள். என் உடம்பின் பாரம் தலைப்பக்கம் சரியும், வட்டுகள் கால்பக்கம் இழுக்கும். இடையில் என் எலும்பு. தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் கிடந்ததால் எனக்கு உலகம் முழுக்கச் சாய்வாகத் தெரிந்தது. தண்ணீர் குடித்தால் மூக்குக்கு வரும். கஞ்சியைக் கரண்டியால் கன்னத்தின் ஓரமாக விடவேண்டும் என்று அம்மா கண்டுபிடித்தாள்.

முதல் மூன்று நாள் பயம் தனி ரகம். சிஸ்டர்கள் சின்ன இடைவெளியில் வந்து, "பேர் என்ன? எந்த ஊர்? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பார்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்கள், அக்குளையும் நெஞ்சையும் விளக்கொளியில் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள். கேஸ் ஷீட்டில் பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் எரிச்சல் வந்தது. ரவுண்ட்ஸில் டாக்டர் பக்கத்தில் இருந்த மாணவர் போன்ற ஒருவருக்குச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பெரிய எலும்பு உடைந்தால் அதன் மஜ்ஜையிலிருக்கும் கொழுப்பு துளித்துளியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள். முதலில் மூச்சு வாங்கும், ஆள் குழம்பிப் பேசுவான், நெஞ்சிலும் அக்குளிலும் கண்ணிமைக்குள்ளும் சிவப்புப் புள்ளிகள் வரும். அன்று இரவெல்லாம் என் பேரையும் ஊரையும் நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாயா புதனா என்று ஒரு கணம் தடுமாறியதும் வியர்த்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெங்காலித் தாத்தாவை எழுப்பிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அதில் எவ்வளவு ஆறுதல் கிடைத்தது என்று சொல்லி முடியாது.

அந்தத் தாத்தா திக்லிப்பூர்ப் பக்கம் குடியேறிய விவசாயி. வயலில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்திருந்தது. அவருக்குக் கம்பி கிடையாது. காலில் பிளாஸ்டர் ஒட்டி அதிலிருந்து கொஞ்சம் எடை. எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை அந்தமான் இந்திதான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு பெங்காலி தெரியாது. ஆனால் பெட் பேன் வரும் நேரத்தில் அவர் செய்தது எந்தப் பாஷையிலும் புரியும்.

வெளியே வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். படுத்துக் கிடப்பவனுக்கு அன்றைய நாளின் பெரிய விஷயமே அதுதான். கல்யாணமாகாத இருபத்தைந்து வயசுக்காரன், திறந்த வார்டில், ஒரு துணித் தடுப்புக்குப் பின்னால், தலைக்கு மேல் தொங்கும் பிடியைப் பற்றி இடுப்பைத் தூக்க வேண்டும். ஆயா அடியில் தள்ளுவார். வெட்கத்தில் நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சாப்பாட்டையும் குறைத்தேன். வார்டில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். அதன் ஆபத்தைச் சிஸ்டர் ஒருத்தர் சொன்னார்: அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கழன்று சிறுநீரில் போகிறது, தண்ணீர் குறைந்தால் அது கல்லாகும், குடல் இறுகினால் முக்க வேண்டிவரும், முக்கினால் இடுப்பு புரளும், கால் திரும்பும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார். புத்தி கேட்டது, வெட்கம் கேட்கவில்லை. அதைத் தீர்த்துவைத்தவர் தாத்தாதான். ஆயாவைப் பார்த்ததும் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கட்டில்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, நெல் விலை, உரம், யானை வயலில் இறங்கியது என்று உரக்கப் பேச்சை ஆரம்பித்துவிடுவார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பியிருக்கும். முடிந்து ஆயா போனதும் பேச்சும் நின்றுவிடும். ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் அவர் வாய்திறந்ததில்லை.

அந்த ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஞ்சிப் பக்கத்துக் குடும்பம், சிரிக்காத முகம். காலையில் துணி மாற்றும்போது விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவி எடுப்பார். சாப்பிட்ட ரொட்டித் துணுக்கு ஒன்று முதுகுக்கடியில் கிடந்தாலும் தேடி எடுத்துவிடுவார். முதுகுத்தண்டின் அடிப்பாகத்தையும் நல்ல காலின் குதிகாலையும் ஸ்பிரிட் தடவித் தேய்த்து, பவுடர் போட்டு, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னவர் அவர்தான்; யாரும் கேட்காமல், வேலையின் நடுவில், ஒரே ஒரு தடவை. என் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை.

பார்க்க வருகிறவர்களின் அன்பு வேறு மாதிரி. லாங் ஐலண்டிலிருந்து டெப்போவில் கூட வேலை செய்தவர் ஒருவர் வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. கயிற்றில் அத்தனை இரும்பு தொங்குவதைப் பார்த்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பிள்ளை காலை இப்படியா இழுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே, நான் பார்க்காத நேரத்தில், வட்டுகளுக்கு அடியில் ஒரு ஸ்டூலை நகர்த்தி அவற்றை அதன் மேல் உட்காரவைத்தார். கயிறு தொய்ந்தது. முதலில் ஒரு சுகம். சில நிமிஷத்தில் தொடைச் சதை உள்ளே சுருட்டிப் பிடித்தது பாருங்கள், வார்டே திரும்பும்படி கத்திவிட்டேன். டாக்டரின் ரப்பர் பேண்ட் வேலையைக் காட்டிவிட்டது. ஓடிவந்த வார்டு பாய் ஸ்டூலை எடுத்து, வட்டுகளைக் கையில் தாங்கி மெதுவாக இறக்கினார். பெரியப்பா நடுங்கிப்போய்ச் சுவரோரம் நின்றார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. வலிக்கு எது காரணம், வலியைத் தடுப்பது எது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டும் இரும்பாகவே தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் கயிற்றைக் கவனிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. நாள் போகப்போக உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கும். வட்டுகள் தரையைத் தொட்டால் இழுப்பு பூஜ்யம். கயிற்று முடிச்சு கப்பியில் போய் முட்டினாலும் அதே கதி. போர்வை கயிற்றின் மேல் விழுந்தாலும் இழுப்பில் பாதி போய்விடும். இந்த மூன்றும் படுத்திருப்பவன் கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஒரு வார்டு பாய் இதைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து தலைக்கு மேலிருந்த இரும்புச் சட்டத்தில் கட்டிவிட்டார். ஒரு பக்கம் சாய்த்தால் கப்பியும் வட்டுகளும் தெரியும். இன்னொரு பக்கம் சாய்த்தால் ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே ராஸ் தீவும், நடுவிலிருக்கும் கடலும். கடலை அத்தனை நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தபோது அழுதுவிட்டேன். தீவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் தெரியாத இடம் எதுவும் பழக்கமில்லை.

ராத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. மூன்றாவது வாரமாக இருக்கும். தூக்கத்தில் கால் வெளிப்பக்கம் சாய்ந்து, முழங்காலின் வெளிப்புறம் காலைத் தாங்கியிருந்த சட்டத்தின் கம்பியில் அழுந்திக் கிடந்திருக்கிறது. விழித்தபோது வலி எதுவும் இல்லை. பாதத்தின் மேல்பக்கம் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு, அவ்வளவுதான். வலி இல்லாததற்காகச் சிஸ்டரை எழுப்புவதா என்று தயங்கினேன். தாத்தா முழித்திருந்தார், "கூப்பிடு" என்றார். இரவு டியூட்டி சிஸ்டர் மலையாளி, எங்களிடம் தமிழில்தான் பேசுவார். டார்ச்சோடு வந்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள தோலில் நகத்தால் அழுத்தி, "தெரியுதா?" என்றார். பஞ்சு வைத்து அழுத்தியது போலத் தெரிந்தது. "பாதத்தை மூக்குப் பக்கம் தூக்குங்க" என்றார். மனசு தூக்கியது, பாதம் அரை மனதாகத்தான் வந்தது. அவர் முகம் மாறியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வேறெதுவும் பேசாமல் காலை நேராக்கி, முழங்காலின் வெளிப்புறம் கம்பியைத் தொடாதபடி மடித்த பஞ்சுப் பட்டையை வைத்து, பாதத்துக்கு ஒரு பலகை ஆதாரம் கொடுத்தார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நகம், அதே கேள்வி. விடியும்முன் "நல்லாத் தெரியுது சிஸ்டர்" என்றேன். பாதமும் எழுந்தது.

முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில், சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பாதத்தைத் தூக்கும் அந்த நரம்பு தோலுக்கு ஒட்டியே ஓடுகிறது. விரலால் உருட்டிப் பார்க்கலாம். அது சில மணி நேரம் நசுங்கினாலே பாதம் தொங்கிப்போகலாம். எலும்பு அருமையாகக் கூடி, பாதம் மட்டும் தரையில் இழுபட்டு நடக்கும் ஆட்களை நான் பிறகு பார்த்திருக்கிறேன். என் கால் தப்பித்தது அந்தச் சிஸ்டர் உட்கார்ந்திருந்த ஸ்டூலால். மறுநாள் காலையில் டியூட்டி மாற்றிப் போகும்போது அவர் என்னிடம் சொன்னது: "வலிச்சா எல்லாரும் கூப்பிடுவாங்க. மரத்தா கூப்பிடமாட்டாங்க. நீங்க கூப்பிட்டது நல்லது."

எடைக் கணக்கு நான் நினைத்ததுபோல ஒரே கணக்காக இருக்கவில்லை. டாக்டர் டேப்பால் இடுப்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை இரண்டு கால்களையும் அளப்பார். தொடக்கத்தில் இடது கால் நாலு சென்டிமீட்டர் போலக் குட்டை. ஒரு வாரத்தில் பாதியானது, அப்புறம் நின்றுவிட்டது. கட்டிலருகே கொண்டுவந்து எடுத்த எக்ஸ்ரேயில் முனைகள் இன்னும் ஏறித்தான் இருந்தன. இரண்டு கிலோ கூட்டினார்கள். அடுத்த படத்தில் முனைகள் விலகி நடுவில் இடைவெளி. எனக்குச் சந்தோஷம், கால் நீளமாகிவிட்டதே என்று. டாக்டர் முகம் சுளித்து உடனே எடையைக் குறைத்தார், ஐந்து கிலோவுக்குக் கொண்டுவந்தார். எலும்பு கொஞ்சம் ஏறிக் கிடந்தால் கூடிவிடும், அரை அங்குலக் குறை செருப்பில் சரியாகும். ஆனால் இடைவெளி விட்டால் புது எலும்பு தாண்டிப் போய்ப் பிடிக்கப் பிடியில்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், கூடாமலே போனாலும் போகும் என்றார். அப்போதுதான் இழுப்பதைவிட எப்போது விடுவது என்பதே அவருடைய வித்தை என்று தெரிந்தது.

பயம் குறைந்த பிறகுதான் சலிப்பு வந்தது. சலிப்புக்கும் உயிர் பிழைத்துவிடுவோம் என்ற நம்பிக்கை வேண்டியிருக்கிறது போலும். காலை வேகமாகப் போகும்: ஊசி, கம்பிக்குழியில் ஸ்பிரிட் பஞ்சு, ரவுண்ட்ஸ், டீ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நேரம் நகர மறுக்கும். மழை ஓட்டில் விழும் சத்தம், யாரோ இருமுவது, மருந்து டிராலியின் ஒரு சக்கரம் கீச்சிடுவது. தொடைச் சதையை இறுக்கிப் பிடித்துவிடும் பயிற்சியைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். முழங்காலை அசைக்காமல் சில்லெலும்பு மட்டும் மேலே ஏறி இறங்க வேண்டும். சலிப்பில் அதையே செய்துகொண்டிருப்பேன். அரசாங்கம் அச்சிடும் 'டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகை வார்டுக்கு வரும். உலகச் செய்தியை யாரும் படிக்கமாட்டார்கள். எந்தப் போட் எத்தனை மணிக்கு ராங்கத், எது லாங் ஐலண்ட் வழியாக, மெட்ராஸ் கப்பல் எப்போது. அந்தப் பத்தியைத்தான் கட்டிலுக்குக் கட்டில் கொடுத்துப் படிப்பார்கள். நடக்க முடியாத ஒரு வார்டு முழுக்கக் கப்பல் நேரங்களை மனப்பாடமாக வைத்திருந்தது.

லாங் ஐலண்ட் போட் வரும் நாளில் சாரங் ஒருவர் ஆளனுப்பிப் பொட்டலம் சேர்ப்பார். கருவாட்டுத் தொக்கு, அக்கா மகன் எழுதிய கடிதம், ஒரு தடவை எங்கள் வீட்டு மரத்து எலுமிச்சை. அந்த எலுமிச்சையை நான் சாப்பிடவில்லை. வார்டு முழுக்க முகர்ந்து பார்க்கக் கை மாறியது.

மழைக்காலத்தின் நடுவில் தாத்தாவுக்குச் சளி கட்டியது. நாள் கணக்கில் மல்லாந்து கிடக்கும் வயசான உடம்பில் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி அங்கேயே தேங்கும். இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு எலும்பைவிட இதுதான் எமன். தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்தார்கள், முதுகைத் தட்டினார்கள், ஊசிகள் மாறின. இரண்டு இரவு அவர் மூச்சை நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம் இல்லை. மூன்றாம் நாள் விடியலில் தடுப்புத் துணியை அவர் கட்டிலைச் சுற்றி இழுத்தார்கள். அப்போது நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் அவர் மகன் வந்து பொருள்களை எடுத்துக்கொண்டார். தாத்தாவின் ட்ரான்சிஸ்டரை மட்டும் என் தலையணையோரம் வைத்து, "நீ எழுந்ததும் யாருக்காவது கொடு" என்றார்.

எலும்பு கூடியதா என்று பார்ப்பதற்கும் முறை இருந்தது. முறிந்த இடத்தில் அழுத்தினால் வலி இருக்கக்கூடாது. எக்ஸ்ரேயில் இரண்டு முனைகளையும் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்த புது எலும்பு, விளிம்பு தெளிந்து பாலமாகியிருக்க வேண்டும். எடையை எடுத்துவிட்டு, "காலை நீங்களே தூக்குங்க" என்றார் டாக்டர். அதுவரை தூக்கினால் தொடை நடுவில் வளைந்துவிடுமோ என்ற பயத்திலேயே இருந்தவன் நான். கால் முழுசாக, ஒரே துண்டாக, விரிப்பிலிருந்து ஒரு சாண் எழுந்தது. கம்பியை உருவி எடுத்தபோது கொஞ்சம் எரிந்தது. டேப்பில் அரை அங்குலக் குறை. "நல்ல கால்" என்று டாக்டர் எழுதினார்.

இன்று தொடை உடைந்தால் எலும்பின் குழிக்குள் நீளமான ஆணியைச் செலுத்திப் பூட்டிவிடுகிறார்கள். குழிக்குள் ஆணி செலுத்துவது ஜெர்மனியில் கூன்ட்ஷர் என்ற டாக்டர் இரண்டாம் உலகப்போர் ஆரம்பித்த நேரத்திலேயே கொண்டுவந்த முறை. ஆனால் அதற்கு வேண்டிய சாமான்களும் ஓடும் எக்ஸ்ரேயும் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர வருஷங்கள் பிடித்தன. ஆணி போட்டவன் சில நாளில் வாக்கரைப் பிடித்து நிற்கிறான். நல்லது. என் கதையை அவர்கள் யாரும் வாழவேண்டியதில்லை.

ட்ரான்சிஸ்டரைப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த நிக்கோபாரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, அக்குள் கட்டைகளோடு போட் ஏறினேன். வீட்டில்தான் அடுத்த பாடு தொடங்கியது. அத்தனை காலம் அசையாத முழங்கால் முப்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, நல்ல காலை அதன் மேல் போட்டு அழுத்த வேண்டும். கண்ணீர் வரும்வரை அழுத்தி, அப்படியே பிடித்து, விட வேண்டும். காலையிலும் மாலையிலும் அம்மா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ராசா" என்பாள். குந்தி உட்கார முடியாததால் கக்கூஸ் போவது பெரிய பிரச்சினை. அண்ணன் ஆலையிலிருந்து கழித்துப்போட்ட படாக் பலகைகளைக் கொண்டுவந்து, நடுவில் வட்டமாக அறுத்து, உட்காரும் விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, நாலு கால் வைத்து ஒரு பெட்டி செய்துகொடுத்தார். முழங்கால் தொண்ணூறு டிகிரியைத் தொட்டபோது தீபாவளி தாண்டியிருந்தது. அதற்கு மேல் அது கொஞ்சம்தான் மடங்கியது. சம்மணம் இன்றுவரை வரவில்லை. அண்ணன் செய்த பெட்டி இன்னும் உறுதியாக இருக்கிறது. தீவில் யாருக்காவது கால் உடைந்தால் வந்து வாங்கிப் போகிறார்கள், கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.